புதுச்சேரி ஜூனியர் ஸ்குவாஷ் பார்க்க வரும் பெற்றோருக்கு

"லெட் ப்ளீஸ்" என்று கேட்டு ஆட்டம் நின்றால், எதிராளி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பந்துக்கும் முன்சுவருக்கும் நடுவே நின்றால் பெரும்பாலும் ஸ்ட்ரோக், கேட்டவருக்கே பாயின்ட். ஓடும் வழியில் மட்டும் குறுக்கிட்டு, உடனே விலகவும் முயன்றிருந்தால் லெட். ஸ்கோர் மாறாமல் மறுபடி சர்வீஸ்.

அடிப்பவருக்கு முன்சுவர் முழுதும் திறந்திருக்க வேண்டும் என்பதே விதி. 7-6இல் உங்கள் மகள் அடித்த பந்து திரும்பி அவள் காலடியிலேயே விழுகிறது. பின்னால் நிற்கும் பெண், இவள் மேல் படுமே என்று ராக்கெட்டை நிறுத்திவிடுகிறாள். ஸ்கோர் 7-7. மகள் வேண்டுமென்று மறிக்கவில்லைதான், ஆனாலும் நியாயமான தீர்ப்பு அது. 11 பாயின்ட்டில் கேம். 10-10 ஆனால் இரண்டு முன்னிலை வேண்டும்.

எட்டவே முடியாத பந்துக்கு இது செல்லாது: நோ லெட், பாயின்ட் எதிராளிக்கு. பந்தோடு சுழன்று திரும்பியவருக்கு, முன்சுவர் மறைந்தாலும் பெரும்பாலும் லெட்தான்.