அப்பாவின் பயோடேட்டாவை மகன் திருத்தும் இரவு: இந்தக் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்கு வேலை போய்விட்டது. புது வேலைக்கு விண்ணப்பிக்க நாளைக் காலை ஒன்பது மணி வரைதான் நேரம். அவர் தன் கையால் எழுதி வைத்திருக்கும் பயோடேட்டாவை மகன் இரவோடு இரவாகக் கணினியில் ரெஸ்யூமேயாக மாற்றி எழுதுகிறான். சிறுகதைக்கு அருமையான கரு இது. நான் இதை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டு வரைவுகளும் ஏன் நிற்கவில்லை என்பது மூன்றாவதை எழுதும்போதுதான் புரிந்தது.

முதல் வரைவில் நான் செய்த பெரிய தவறு, அந்தக் காகிதத்தை வாசகர் கண்ணில் காட்டவே இல்லை. 'அப்பாவின் அழகான கையெழுத்து', 'பழுப்பேறிய தாள்' என்று எழுதிவிட்டு மகனின் நினைவுகளுக்குப் போய்விட்டேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. கதையே இரண்டு எழுத்துகளுக்கு நடுவில்தான் நடக்கிறது: அப்பா எழுதியது ஒன்று, மகன் தட்டச்சு செய்வது இன்னொன்று. முதலாவதைக் காட்டாவிட்டால், இரண்டாவதில் எது மாறியது என்று வாசகருக்குத் தெரியாது.

தாளைக் காட்ட, அப்பாவின் தொழிலை முதலில் முடிவு செய்ய வேண்டும். நான் அவரைக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் ஆக்கினேன். அதோடு கையெழுத்தும் மாறியது. இருப்புப் பதிவேட்டில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். பல வருஷம் அப்படி எழுதிய கை, பயோடேட்டாவையும் அப்படித்தான் எழுதும். பழைய முகவரி மேல் ஒரு கோடு, பக்கத்தில் இனிஷியல். பழைய போன் நம்பர் மேல் ஒரு கோடு, பக்கத்தில் இனிஷியல். ஒவ்வொன்றும் வேறு வேறு மையில். மகனோ பேக்ஸ்பேஸை அழுத்துகிறான், எதுவும் மிச்சமில்லாமல் போகிறது. இந்த வித்தியாசத்தை விளக்கி எழுத வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

அடுத்த தவறு நேரக் கணக்கு. ஒரு பக்கத் தாளைத் தட்டச்சு செய்ய முக்கால் மணி நேரம் போதும். அப்படியிருக்க விடிய விடிய அவன் என்ன செய்கிறான்? இதற்குப் பதில் இல்லாமல்தான் பலரும் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள், இணையத்தைத் துண்டிக்கிறார்கள், கணினியைப் பழுதாக்குகிறார்கள். இதெல்லாம் வெளியிலிருந்து வரும் தடை. யாருடைய ரெஸ்யூமேயாக இருந்தாலும் இதே தடை வரலாம். அதனால் இந்த அப்பாவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நேரம் போவது தட்டச்சில் அல்ல, முடிவெடுப்பதில். உதாரணத்துக்கு வரிசையையே பாருங்கள். அப்பா தன் முதல் வேலையில் தொடங்கி வரிசையாகக் கீழே வருகிறார். இப்போது கேட்கும் ரெஸ்யூமேயில் பெரும்பாலும் கடைசி வேலைதான் மேலே வரும். மகன் அதைத் திருப்பிப் போடுகிறான். 'மூட்டை எண்ணுபவர்' என்று தொடங்கி 'ஸ்டோர் கீப்பர்' என்று ஏறி வந்த ஆள், திரையில் மேலிருந்து கீழே இறங்குவதுபோல் தெரிகிறார். மகன் ஒரு நிமிஷம் நிறுத்தி அதைப் பார்த்தால் போதும், வேறு எதுவும் தேவையில்லை.

கதையின் நடு முடிச்சு பதவிப் பெயரில் இருக்கிறது. கிடங்கில் மேற்பார்வையாளர் செய்யும் வேலையை எல்லாம் அப்பா செய்திருக்கிறார். ஆனால் அந்தப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. மகனுக்கு அது தெரியும். புது வேலைக்கு மேற்பார்வை அனுபவம் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். என் இரண்டாவது வரைவில் அவன் தயங்காமல் 'மேற்பார்வையாளர்' என்று போட்டுவிட்டு, அப்பா தூங்கும் அறையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அங்கே இரண்டு தவறு. ஒன்று, அவன் பொய் எழுதியதைக் கதை கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு, அப்பா தூங்கிவிட்டார். அவர் தூங்கினால் மகனை மறுக்க ஆள் இல்லை, கதை அவன் தலைக்குள்ளேயே சுற்றும். அவரை எழுப்பி உட்கார வைத்தேன்.

"சூப்பர்வைசர்னு போட்டுடவாப்பா? எல்லாரையும் நீங்கதானே பார்த்துக்கிட்டீங்க?"

"ஆர்டர்ல அப்படி இல்லையேப்பா."

அவ்வளவுதான் அவர் பேச்சு. நேர்மை பற்றி ஒரு வார்த்தை கூடினாலும் அது பிரசங்கமாகிவிடும். மகன் பதவியை விட்டுவிட்டு, செய்த வேலையை எழுதிப் பார்க்கிறான்: '6 பேருக்குத் தினமும் வேலை பிரித்துக் கொடுத்து, ஷிஃப்ட் முடிவில் இருப்பைச் சரிபார்த்தேன்.' ரெஸ்யூமே எழுதத் தெரிந்த யாரும் சொல்லும் நேரான வழி இதுதான். பதவி இல்லை, பொய்யும் இல்லை, வேலை மட்டும் இருக்கிறது. அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிக்கிறார்.

"ஏழு பேரு. ராத்திரி ஷிஃப்ட் பையனை விட்டுட்டே."

இந்த வரி வந்த பிறகுதான் எனக்கு அந்த அப்பாவைத் தெரிந்தது. இதை எழுதி முடித்ததும் சற்று நேரம் அடுத்த வரிக்குப் போக மனம் வரவில்லை.

இந்தக் கருவில் எல்லோரையும் இழுக்கும் குழி ஒன்று உண்டு. தாளின் மூலையில் மகன் ஒரு ரகசியத்தைக் கண்டுபிடிப்பது. தனக்காக அப்பா வேண்டாமென்று விட்ட வெளிநாட்டு வேலை, யாருக்கும் சொல்லாத பட்டம். உடனே கண்ணீர், உடனே மன்னிப்பு. யோசித்துப் பாருங்கள், வேலைக்குப் போகும் தாளில் யாராவது தன் தியாகத்தை எழுதுவார்களா? அந்தத் தாள் படிக்கப்போகிற முதலாளிக்காக எழுதப்பட்டது. மகனுக்கு அதில் எந்தக் கடிதமும் இல்லை.

ரகசியம்போல் ஏதாவது வேண்டுமென்றால் தாளிலேயே எடுக்கலாம். நான் ஒரு வருஷத்தை எடுத்தேன். முதல் வேலை 1989 முதல் 1996 வரை என்று இருக்கிறது. அடுத்த வேலையில் சேர்ந்தது 1991 என்று மகன் படிக்கிறான். ஐந்து வருஷம் இரண்டு இடத்தில் வேலையா? அப்பா எதையோ மறைத்திருக்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றுகிறது. கேட்க வாயெடுத்து, கேட்காமல், கொஞ்ச நேரம் வேறு பத்தியைத் திருத்துகிறான். கடைசியில் கேட்கும்போதுதான் தெரிகிறது, அது 1997. அவருடைய ஏழு ஒன்றுபோல் இருக்கிறது. சந்தேகம் வந்தது வீணாகவில்லை, அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு எண்ணையும் அவரிடம் கேட்டே தட்டச்சு செய்கிறான். இருவரும் முதல்முறையாக ஒரே திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

முடிவுக்கு வருவோம். வேலை கிடைத்தது என்று முடிப்பதும் கிடைக்கவில்லை என்று முடிப்பதும் ஒரே தவறுதான். அது வேறொரு நாள், வேறு யாரோ எடுக்கும் முடிவு. அப்பாவும் மகனும் அதில் எதுவும் செய்ய முடியாது. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் முடிக்கலாமா என்றும் பார்த்தேன். அழுத்திய பிறகு திரையில் வரும் நன்றி வாசகம்தான் கடைசி வரியாக நிற்கிறது, இருவருமே காணாமல் போகிறார்கள். அதனால் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினேன். கோப்பு தயார். மகன் கடைசியாக ஒருமுறை படித்துக்கொண்டிருக்கிறான். அப்பா பேனாவை எடுத்து, இனி யாரும் கேட்கப்போகாத அந்தப் பழைய தாளில், தெளிவில்லாத வருஷத்தின் மேல் ஒரு கோடு போடுகிறார். மேலே 1997 என்று எழுதுகிறார். பக்கத்தில் இனிஷியல்.