தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்து நம் பாடத்தின் ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது எங்கள் நுவரெலியா. இங்கே தண்ணீர் 100 பாகை செல்சியஸ் வரை போவதில்லை. ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். காரணம் கேட்டால் உயர்தர மாணவர் எவரும் ஒரே மூச்சில் சொல்வார்கள்: "உயரம் கூடும்போது வளிமண்டல அமுக்கம் குறையும், ஆகவே கொதிநிலையும் குறையும்." நானும் அப்படித்தான் எழுதி முழுப் புள்ளி வாங்கினேன். பக்கத்து லயத்தில் பத்தாம் தரம் படிக்கும் தங்கச்சிக்கு இதை விளக்க உட்கார்ந்தபோதுதான், அந்த "ஆகவே" என்ற சொல்லுக்குப் பின்னால் என்னிடம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. அன்று நான் செய்ததை ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

படி 1: ஒரே ஒரு கேள்வியை எடுங்கள்

"வெப்பம்" என்று முழு அலகையும் எடுத்தால் தெரிந்த பகுதிகளிலேயே சுற்றிவருவீர்கள். "இங்கே ஏன் சோறு வேக நேரமாகிறது?" என்பது போதும்.

படி 2: பாடநூல் சொற்களை ஒதுக்குங்கள்

நான் "ஆவியமுக்கம்" என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். அந்தச் சொல் இல்லாமல் மூன்று வாக்கியம் தாண்ட முடியவில்லை. எந்த இடத்தில் அந்தச் சொல்லுக்காக நாக்கு தவிக்கிறதோ, அந்த இடத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம், குறித்தால் போதும்.

படி 3: கேள்வியை மடக்காதீர்கள்

தங்கச்சி கேட்டாள்: "அக்கா, கொதிக்கும்போது வருகிற குமிழிக்குள்ளே என்ன இருக்கிறது?"

"காற்று" என்றேன். "அப்படியென்றால் காற்றெல்லாம் வெளியேறிய பிறகும் ஏன் குமிழி வந்துகொண்டே இருக்கிறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இப்படியான நேரத்தில் "அது அப்படித்தான், பரீட்சைக்கு வராது" என்று சொல்லத் தோன்றும். அந்த எண்ணம் வருவதே ஓட்டை இருக்கிறது என்பதற்கு உறுதியான அடையாளம். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிக் கேள்வியை அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.

படி 4: அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடுங்கள்

இரவில் முழுப் பாடத்தையும் மீட்டவில்லை. குமிழியை மட்டும் தேடிப் படித்தேன். சூடாகத் தொடங்கும்போது பாத்திரத்தின் சுவரில் ஒட்டும் சின்னக் குமிழிகள் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. பிறகு அடியிலிருந்து பெரிதாக எழும்புபவை நீராவி. தண்ணீருக்குள் நீராவிக் குமிழி ஒன்று உருவானால், மேலேயுள்ள காற்று தண்ணீர் வழியாக அதை நசுக்கப் பார்க்கும். உள்ளேயிருக்கும் ஆவி அதே பலத்துடன் எதிர்த்துத் தள்ளும் அளவுக்குச் சூடானால்தான் குமிழி தப்பிப் பிழைக்கும். அந்த வெப்பநிலைதான் கொதிநிலை. நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எனவே 94 பாகை ஆவியே தாக்குப்பிடித்துவிடுகிறது. என் "ஆகவே" இதுதான்.

படி 5: திரும்பிப் போய், முன்கூட்டியே சொல்லிச் சோதியுங்கள்

விளக்கியதும் தங்கச்சி தலையாட்டினாள். தலையாட்டலை நம்பக் கூடாது. இருவருக்கும் ஒரே தவறான எண்ணம் இருந்தால் அது இருவருக்கும் சரியாகவே படும்; அவள் கேட்டிராவிட்டால் "காற்று" என்ற என் பதில் இன்னும் உயிரோடு இருந்திருக்கும். ஆகவே என்ன நடக்கும் என்று முதலில் எழுதிவிட்டுச் செய்து பாருங்கள்.

ஊசியில்லாத சிரிஞ்சில், கொதித்து இறக்கிச் சற்று ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்தோம். கொதிக்கவைத்த தண்ணீராக இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் வருவது கரைந்த காற்றா, ஆவியா என்று பிரித்தறிய முடியாது. உள்ளேயிருந்த காற்றை வெளியே தள்ளி, முனையை அடைத்து, தண்டை இழுத்தோம். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. விட்டதும் அடங்கியது. சூட்டில் விரலை வைக்காமல் முனையைத் துணியால் பிடியுங்கள்.

அடுத்து இரண்டு கேள்விகள். "தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகுமா?" வேகாது என்று இருவருமே எழுதினோம். ஏற்கெனவே கொதிக்கும் தண்ணீருக்குக் கூடுதல் தீ கூடுதல் ஆவியைத்தான் தரும், வெப்பநிலையை ஏற்றாது. "பிரஷர் குக்கரில் கொழும்பும் நுவரெலியாவும் ஒன்றாகிவிடுமா?" ஆகிவிடும் என்று நான் எழுதினேன். அவள் குக்கரின் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை மேலிருந்து வெளிக்காற்றும் சேர்ந்துதானே அழுத்துகிறது?" என்றாள்.

அவள் சொன்னதே சரி. குண்டைத் தூக்குவது வெளிக்காற்றுக்கு மேலாக உள்ளே இருக்கும் அமுக்கம்தான். ஒரு வளிமண்டல அளவு கூடினால் எழும்பும் குண்டு என்று வைத்துக்கொண்டால், கொழும்பில் உள்ளே சுமார் 120 பாகை இருக்கும். இங்கே சுமார் 117. மூடிய குக்கரிலும் கௌபி இங்கே சற்றுப் பிந்தித்தான் வேகும். இரண்டாவது ஓட்டையாக அதைத் தாளில் குறித்துக்கொண்டு, மறுபடியும் படி 4-க்குப் போனேன்.