மூக்குத்திக்கு இடம் பார்ப்பது: போட்டோ எடுத்து, பொட்டு வைத்து

முதல் தடவை நான் மூக்குக் குத்திக்கொண்டபோது இடத்தை நானேதான் தேர்ந்தெடுத்தேன். கையில் போனை நீட்டி ஒரு செல்ஃபி எடுத்து, அதைப் பெரிதாக்கி, மூக்கு மடலின் நட்ட நடுவில் சிவப்புப் புள்ளி வைத்து, "இங்கேதான் வேண்டும்" என்று கடையில் காட்டினேன். குத்தியவர் படத்தில் இருந்தபடியே குத்தினார். வீட்டுக்கு வந்து பக்கவாட்டில் பார்த்தால், நான் நினைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டர் மூக்கு நுனிப் பக்கம் தள்ளியிருந்தது. மூக்கில் 3 மி.மீ. என்பது பெரிய தூரம். ஐந்தாம் நாள் கழற்றிவிட்டு, துளை மூடி ஆறும்வரை ஆறு மாதம் காத்திருந்தேன். தவறு குத்தியவர் கையில் இல்லை, என் படத்தில் இருந்தது. அது ஏன் என்று புரிந்த பிறகு சித்தி மகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்தேன், அவளுக்குச் சரியாக அமைந்தது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படம் எடுப்பது (இங்கேதான் நான் தவறினேன்)

ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்குச் சம இடைவெளியில் நான்கு புள்ளி வையுங்கள். அதை நேராகப் பார்த்தால் முதல் இரண்டு புள்ளிகள் விலகித் தெரியும், கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். மூக்கு மடலும் அப்படித்தான் வளைந்திருக்கிறது. நேர்ப்படத்தில் மடலின் பின்பாதி சுருங்கிப்போகும். அதனால் படத்தில் 'நடு' என்று தெரிகிற இடம், உண்மையான நடுவைவிட நுனிக்குப் பக்கத்தில் இருக்கும். கேமரா கிட்டே வர வர இது இன்னும் மோசமாகும். ஒரு அடி தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்து அடி தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது.

ஆகவே செல்ஃபி வேண்டாம். வேறொருவர் ஐந்து அடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் 2x வைத்து எடுக்கட்டும். போன் உங்கள் மூக்கின் உயரத்துக்கே இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் மடலின் உயரம் குறைந்து தெரியும். தலையை நிமிர்த்தவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். பக்கவாட்டில் பார்க்கும்போது காதுத் துளையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்பின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் தலை நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

அழகூட்டும் ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், தோலை மெழுகி, நமக்கு மிக முக்கியமான, மடலுக்கு மேலே வளைந்து ஓடும் பள்ளத்தையே அழித்துவிடும். வெளிச்சம் ஜன்னல் பக்கத்திலிருந்து வரட்டும். ஃபிளாஷ் போட்டாலும் பள்ளம் மறையும்.

ஐந்து படம் போதும்: நேர், முக்கால் பக்கம், முழுப் பக்கம், கீழிருந்து மூக்குத் துவாரம் தெரிகிற மாதிரி ஒன்று, அப்புறம் நன்றாகச் சிரிக்கும்போது முக்கால் பக்கத்தில் ஒன்று. சிரித்த படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது எதற்கு என்று கீழே வருகிறது.

மடலைப் படிப்பது

மூக்கு மடலுக்கும் மேல் மூக்குக்கும் நடுவில் வில் போல வளைந்த ஒரு பள்ளம் இருக்கும். கன்னத்தோடு சேரும் இடத்தில் தொடங்கி, மடலின் மேல் ஏறி, நுனியை நோக்கிப் போகப் போக மங்கிவிடும். முக்கால் பக்கப் படத்தில்தான் அது தெளிவாகத் தெரியும். மூக்குத்திக்கு வழக்கமான இடம் இந்த வில்லை ஒட்டி, சற்று உள்ளே. அதற்கு மேலே போனால் பிற்பாடு வளையம் போட ஆசைப்படும்போது பெரிய வளையம் தேவைப்படும். மிகக் கீழே, விளிம்புக்குப் பக்கத்தில் போனால் உள்ளே இருக்கும் திருகாணி வெளியே எட்டிப்பார்க்கும்.

எல்லாருக்கும் ஒரே அளவு சொல்ல முடியாததற்குக் காரணம் மடலின் வடிவம்தான். உருண்டு அகலமான மடலில் பள்ளம் ஆழமாகவும் உயரமாகவும் இருக்கும், இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மடல் பக்கவாட்டில் பார்த்தபடி இருப்பதால், பின்னால் தள்ளி வைத்தால் முன்னிருந்து பார்ப்பவருக்குக் கல் பாதிதான் தெரியும். ஒட்டிய, மெல்லிய மடலில் விளிம்புக்கும் பள்ளத்துக்கும் இடையே இடம் குறைவு. அங்கே பெரிய கல் வைத்தால் மடலே மூடிப்போகும். பள்ளமே தெரியாத மூக்கும் உண்டு. அவர்கள் லேசாகச் சிரித்தால் கோடு விழும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டு வைத்துப் பார்ப்பது

படத்தின் மேல் மூக்குத்தி ஒட்டிக் காட்டுகிற ஆப்கள் இருக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. தட்டையான படத்தின் மேல் தட்டையான கல்லை வைக்கின்றன, மடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவற்றில் வராது. இருப்பதிலேயே சின்ன ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்குங்கள். வாங்கப்போகிற கல்லின் அளவுக்கே பொட்டைத் தேர்ந்தெடுங்கள், பெரிதாக இருந்தால் கத்தரித்துக்கொள்ளலாம். பொட்டு மூக்கின் வளைவோடு சேர்ந்து திரும்பும், கல்லும் அப்படித்தான் உட்காரும்.

அளவுக்கு, பள்ளிக்கூட வரைபடத் தாளிலிருந்து 3 மி.மீ. அகலத்தில் ஒரு கீற்று வெட்டி, விளிம்பிலிருந்து மேல்நோக்கி மடலின் மேலேயே ஒட்டுங்கள். தாளும் தோலோடு வளைவதால், கட்டங்களை எண்ணினால் உண்மையான தூரம் கிடைக்கும். கன்னத்தில் ஒட்டினால் அது கிடைக்காது.

சித்தி மகளின் மூக்கில் நடந்ததைச் சொல்கிறேன். அகலமான மடல், ஆழமான பள்ளம், 3 மி.மீ. ஒற்றைக்கல் திருகு மூக்குத்தி. விளிம்பிலிருந்து பள்ளம்வரை 9 கட்டம், அதாவது 9 மி.மீ. மூன்று இடங்களில் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து, ஒவ்வொரு இடத்துக்கும் அந்த ஐந்து படங்களையும் எடுத்தோம்.

முதலில் 7.5 மி.மீ. உயரத்தில் வைத்தோம். முக்கால் பக்கத்தில் மிக அழகாக இருந்தது, அவளுக்கு அதுதான் பிடித்தது. ஆனால் பொட்டின் பாதி 1.5 மி.மீ., ஆக மேல் ஓரம் சரியாகப் பள்ளத்தைத் தொட்டது. சிரித்த படத்தைப் பார்த்தால், மடல் விரிந்து பள்ளம் ஆழமாகி, பொட்டின் மேல் ஓரம் அதற்குள் மடங்கிப் போயிருந்தது. பொட்டு மடங்கும், கல் மடங்காது. அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கும்.

அடுத்து 4.5 மி.மீ. சிரித்தாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் வாங்கி வைத்திருந்த மூக்குத்தியின் திருகாணித் தலை 4 மி.மீ. அகலம். அதில் பாதியைக் கழித்தால் விளிம்புக்கு 2.5 மி.மீ.தான் மிச்சம். கீழிருந்து எடுத்த படத்தில் மடலின் உட்பக்கம் அந்த உயரம்வரை பளிச்சென்று தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்வையில் திருகாணி பட்டுக்கொண்டே இருக்கும்.

கடைசியில் 6 மி.மீ. சிரித்தபோது பொட்டின் ஓரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே கொஞ்சம் தோல் மிஞ்சியது, திருகாணிக்கும் உள்ளே இடம் இருந்தது. நேர்ப்படத்தில் பொட்டு முக்கால்வாசி தெரிந்தது. பிற்பாடு வளையம் போட நினைத்தாலும், உள்விட்டம் 8 மி.மீ. உள்ள சாதாரண வளையம் 6 மி.மீ.யைத் தாண்டி விளிம்பைச் சுற்றி வரும். அதையே குறித்துக்கொண்டோம். ஒரு நாள் முழுக்கப் பொட்டோடு இருக்கச் சொன்னேன், முதல் இடத்தின் மேல் இருந்த ஆசை சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

வலமா இடமா: பின்னர் சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒருவர், வலப்பக்கம் என்று நினைத்து இடப்பக்கத்துக்குப் படம் தயார் செய்துவிட்டதாக எழுதியிருந்தார். நம் பக்கத்தில் பல குடும்பங்களில் ஒற்றை மூக்குத்தி என்றால் வலதுதான், அதனால் இது வீட்டில் பெரிய பேச்சாகிவிடும். முன்கேமரா கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும், சில போன்கள் படத்தையும் அப்படியே சேமிக்கும். ஐபோனில் Mirror Front Camera என்ற அமைப்பு அதைத்தான் செய்கிறது. பின்பக்கக் கேமராவில் எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் ஒரு துண்டுத் தாளில் 'வ' என்று எழுதி வலது கன்னத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். படத்தில் எழுத்து நேராக இருந்தால் படமும் நேர், திரும்பியிருந்தால் படமும் திரும்பியிருக்கிறது.

காதில் இரண்டாவது துளைக்கு

இதையும் நிறையப் பேர் கேட்டார்கள். காது மடலில் கணக்கு எளிது, ஏற்கெனவே இருக்கும் துளையிலிருந்து தொடங்கினால் போதும். 8 மி.மீ. தோட்டில் பாதி 4, பக்கத்தில் வரும் 3 மி.மீ. கல்லில் பாதி 1.5, நடுவே 2 மி.மீ. இடைவெளி: மொத்தம் 7.5 மி.மீ. பெரிய தோடு போடுகிறவர்கள் சின்னத் தோட்டை வைத்து அளந்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறார்கள், அதனால் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய தோட்டைப் போட்டுக்கொண்டு படம் எடுங்கள். தொங்கும் மடல் என்றால் இரண்டாவது துளை முதலாவதற்கு மேலே, காதின் வெளி விளிம்பின் வளைவையே பின்பற்றி ஏறட்டும். கன்னத்தோடு ஒட்டிய மடலில் கீழே சதை குறைவு, அங்கே முதல் துளையே உயரமாக இருந்தால் இரண்டாவது குருத்தெலும்பில் போய் விழும். மடலை விரலால் மடக்கிப் பாருங்கள், மென்மை முடிந்து விறைப்பு தொடங்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு பிறகு படம் எடுங்கள். மென்மையான மடல் இரண்டு மூன்று மாதத்தில் ஆறிவிடும், குருத்தெலும்புக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

கொப்பு போடும் மேல் காதுக்கு முன்பக்கப் படம் மட்டும் போதாது. விளிம்பு எவ்வளவு சுருண்டிருக்கிறது, பின்னால் திருகாணி உட்கார இடம் இருக்கிறதா என்பது பின்னாலிருந்து எடுத்த படத்தில்தான் தெரியும். இரண்டு காதும் ஒன்றுபோல இருக்காது, ஒரு காதின் அளவை மறு காதுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

குத்தப் போகும்போது

தோலின் தடிமன், ரத்தக்குழாய், உள்ளே இருக்கும் பழைய தழும்பு எதுவும் படத்தில் வராது. என் பழைய துளையின் தழும்பு வெளியே ஒரு சின்னக் குழியாகத்தான் தெரிந்தது. இரண்டாம் தடவை பத்தர் விரலை வைத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே கெட்டியா இருக்கும்மா" என்று நான் குறித்திருந்த புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அது சரியான முடிவு. அதனால் படத்தோடு போங்கள், ஆனால் அவர் தொட்டுப் பார்த்து மாற்றச் சொன்னால் கேளுங்கள். புள்ளி வைக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள், படுத்திருக்கும்போது வைக்க விடாதீர்கள். வைத்ததும், கூட வந்தவரை ஐந்து அடி தள்ளி நிற்கச் சொல்லி முக்கால் பக்கத்தில் ஒன்றும் சிரித்தபடி ஒன்றும் எடுத்து, பொட்டு வைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். விலகியிருந்தால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைக்கச் சொல்லலாம். எங்கள் பத்தர் மூன்று தடவை வைத்தார்.