ஒரு கணக்கு பூட்டினால் இன்னொன்றைத் திறக்காதீர்கள்

பினாங்கில் சிறு வியாபாரிகளுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இரவு பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும்: "அண்ணே, விளம்பரக் கணக்கு பூட்டிக்கிச்சு." நான் கேட்கும் முதல் கேள்வி, "அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?" பதில் வர நேரமாகும். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும்.

சூதாட்டம், போலிக் கைப்பை, நிர்வாணப் படம் இதெல்லாம் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நல்ல பொருளை ஒழுங்காக விற்கிறவர்கள் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் செய்த முட்டாள்தனம்

2019இல் தீபாவளிக்கு முன்பு சுங்கை பட்டாணியில் ஒரு சேலைக் கடைக்கு விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் கணக்கு செயலிழந்து கிடந்தது. அறிவிப்பை முழுதாகப் படிக்காமலே பதறினேன். உடனே மனைவியின் ஃபேஸ்புக்கில் புதிய விளம்பரக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதே வங்கி அட்டையைச் செருகி, அதே படங்களைப் போட்டு ஓட்டினேன். மறுநாள் அதுவும் போயிற்று.

அப்புறம் பொறுமையாக உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதல் கணக்கு பூட்டப்படவே இல்லை. டெபிட் அட்டையில் அன்றைய வரம்பு முடிந்ததால் 180 வெள்ளி வசூலாகாமல் நின்றிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பாக்கியைக் கட்டியிருந்தால் ஓட ஆரம்பித்திருக்கும். நான் இரண்டாவது கணக்கைத் திறந்ததுதான் பூட்டு விழக் காரணம். இன்றுவரை என் மனைவியால் தன் பெயரில் ஒரு விளம்பரம் போட முடியாது. அதை ஒவ்வொரு தீபாவளிக்கும் மறக்காமல் நினைவூட்டுவார்.

சரி, அட்டை

நம் நாட்டு டெபிட் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். விளம்பரத் தொகைக்கு மேல் 8 சதவீத சேவை வரியும் சேரும் என்பதால் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருங்கள்.

பூட்டுக்கு மேல் பூட்டு: பிறை அக்காவின் கதை

இன்னும் எரிச்சலூட்டும் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பிறையில் ஒரு அக்கா வீட்டிலேயே ராகி, சோளம், பயறு வறுத்து அரைத்துச் சத்துமாவு விற்கிறார். அரை கிலோ 22 வெள்ளி. மாவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விளம்பரத்தின் முதல் வரி மட்டும் இப்படி இருந்தது: "உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறதா? 21 நாளில் குறைத்துக் காட்டுகிறோம்!" பக்கத்தில் சர்க்கரை அளக்கும் கருவியின் படம்.

விளம்பரம் நிராகரிக்கப்பட்டது. அக்கா படத்தில்தான் கோளாறு என்று நினைத்து, கருவியை எடுத்துவிட்டு மாவுப் பொட்டலத்தை வைத்தார். மறுபடி நிராகரிப்பு. படத்தை மாற்றி, நிறத்தை மாற்றி, அதே விளம்பரத்தைப் பிரதியெடுத்து ஏழு தடவை அனுப்பினார். யாரோ சொல்லிக் கொடுத்ததால் எட்டாவது முறை "இனி.ப்பு நீர்" என்று நடுவில் புள்ளி வைத்தார். அன்று சாயங்காலம் கணக்குக்குக் கட்டுப்பாடு வந்தது.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். படத்தில் கோளாறே இல்லை, வாக்கியத்தில்தான் இருந்தது. பார்ப்பவருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று விளம்பரம் சொல்லவோ சுட்டவோ கூடாது என்பது மெட்டாவின் விதி. நோயின் பெயரே வரக்கூடாது என்பதல்ல, "உங்களுக்கு இருக்கிறதா" என்று ஆளைப் பிடித்துக் கேட்பதுதான் பிரச்சினை. மதம், இனம், கடன்சுமைக்கும் இதே கதைதான். "நீங்கள் கடனில் தவிக்கிறீர்களா?" என்றாலும் விழும்.

இரண்டாவது, அந்தப் புள்ளி. அது வரைக்கும் அக்கா தெரியாமல் தவறு செய்தவர். சொல்லை உடைத்து எழுதியதும் சரிபார்ப்பை ஏமாற்றப் பார்த்தவர் ஆகிவிட்டார். சோதனை முறையைச் சுற்றிப் போவது மெட்டாவிலும் கூகுளிலும் தனிக் குற்றம், அசல் தவறைவிடப் பெரியது. கூகுளில் அதற்கு முன்னெச்சரிக்கை இல்லாமலே கணக்கை நிறுத்துவார்கள்.

அக்கா அத்தோடு நிறுத்தவில்லை. கணவரின் பெயரில் ஒரு கணக்கு திறந்தார். அது மூன்று நாள் ஓடிப் பூட்டிக்கொண்டது. பிறகு பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனின் பெயரில் ஒன்று. அது ஒரே நாள்தான் ஓடியது. கடைசியில் வியாபாரப் பக்கத்துக்கே விளம்பரத் தடை வந்தது. என்னிடம் வந்தபோது நான்கு இடத்தில் பூட்டு.

"தம்பி, அவங்களுக்கு எப்படிப்பா தெரியுது, மூணு பேரும் ஒரே வீடுன்னு?" என்று கேட்டார்.

தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பக்கம் அதே பக்கம், அட்டை அதே அட்டை, வாட்ஸ்அப் எண் அதே எண், படமும் அதே படம். மாறியது பெயர் மட்டும்தான்.

அவிழ்த்தது எப்படி

முதல் வேலை, எல்லாவற்றையும் நிறுத்தியது. புதிய கணக்கு இல்லை, புதிய விளம்பரம் இல்லை, பிரதி எடுப்பது இல்லை.

பிறகு `Business Support Home` பக்கத்தைத் திறந்தோம். தனிநபர் கணக்கு, வியாபாரக் கணக்கு, விளம்பரக் கணக்கு, பக்கம் என்று ஒவ்வொன்றின் நிலையும் அங்கே தனித்தனியாகத் தெரியும். எதில் எந்தத் தேதியில் என்ன காரணத்துக்காகப் பூட்டு விழுந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதினோம். பலர் இதைச் செய்யாமல் கண்ணில் படும் பொத்தானை எல்லாம் அழுத்துகிறார்கள். பெரும்பாலும் ஒரு பூட்டுக்கு ஒரு மேல்முறையீடுதான். அவசரத்தில் வீணாக்கினால் முடிந்தது.

அடையாளத்தை உறுதிசெய்யச் சொல்லி ஐசி கேட்டிருந்தது. இங்கே நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். அக்காவின் ஃபேஸ்புக் பெயரில் கடைப் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐசியில் சொந்தப் பெயர், a/p, அப்பா பெயர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஐசியை அனுப்பிப் பயனில்லை. ஃபேஸ்புக் பெயரில் சாய்கோடு போன்ற குறிகளை ஏற்காது. அதனால் a/p-ஐ விட்டுவிட்டு, சொந்தப் பெயரையும் அப்பா பெயரையும் ஐசியில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே போட்டோம். ஒரு முறை மாற்றினால் 60 நாளுக்கு மறுபடி மாற்ற முடியாது, ஆகவே எழுத்தை இரண்டு தடவை சரிபாருங்கள். பிறகு ஐசியை மேசைமேல் வைத்து, நான்கு மூலையும் தெரிய, விளக்கின் பளபளப்பு விழாமல் படம் எடுத்து அனுப்பினோம்.

அது ஏற்கப்பட்ட பிறகுதான் முதலில் பூட்டிய விளம்பரக் கணக்குக்கு `Request review` அழுத்தினோம். முதலில் விழுந்த பூட்டுதான் மற்றவற்றுக்கு வேர், அதனால் அங்கிருந்து தொடங்குவது என் வழக்கம். எல்லா மேல்முறையீட்டிலும் எழுத இடம் தரமாட்டார்கள். தந்தால் புலம்பக் கூடாது. "பத்து வருஷ வாடிக்கையாளர்", "குடும்பமே இதை நம்பி இருக்கிறது" என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படிக்கிறவருக்கு அது உதவாது. ஆங்கிலத்தில் ஐந்து வரிதான் எழுதினோம்: விற்பது உணவு மாவு, விளம்பரம் பார்ப்பவரின் உடல்நிலையைக் குறித்துக் கேட்டது, அது விதிக்குப் புறம்பு என்று இப்போது புரிகிறது, அந்த விளம்பரங்களை நீக்கிவிட்டோம், அதன்பின் குடும்பத்தார் பெயரில் கணக்கு திறந்ததும் தவறு, அவற்றை இனிப் பயன்படுத்த மாட்டோம், மீண்டும் பரிசீலிக்கவும். வீட்டுக் கணக்குகளை மறைத்து எழுதலாமா என்று அக்கா கேட்டார். அவர்கள் கண்ணெதிரே இருப்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அக்காவின் கணக்கு ஐந்தாம் நாள் திரும்பியது. பக்கம் அடுத்த வாரம். கணவருடையது ஒரு மாதத்துக்குப் பிறகு. மகனுடையது திரும்பவே இல்லை, முடிவு இறுதியானது என்று வந்துவிட்டது.

ஒரே ஒரு விளம்பரம் நிராகரிக்கப்பட்டால்

காரணம் சரி என்று தோன்றினால் அந்த விளம்பரத்தையே திருத்துங்கள். திருத்திச் சேமித்ததும் தானாகவே மறுபடி சோதனைக்குப் போகும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடிவு வரும். காரணம் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், ஒரு எழுத்தையும் மாற்றாமல், மேல்முறையீடு. முதல் சோதனையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்வதால் தவறாக நிராகரிப்பதும் நடக்கும். சேமியா பாயசத்துக்கு நான் போட்ட விளம்பரம் ஒன்று அப்படித்தான் விழுந்து, மறுநாள் எழுந்தது.

தப்பித்துவிட்டது என்று நினைக்காதீர்கள்

ஃபேஸ்புக் அனுமதித்தால் சட்டமும் அனுமதித்தது என்று பொருளல்ல. மலேசியாவில் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. அதில் பட்டியலிட்ட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது, நீரிழிவு அதில் ஒன்று. மருந்து என்று விற்பதற்கு விளம்பரத்தில் மருந்து விளம்பர வாரியம் தரும் KKLIU அனுமதி எண் வேண்டும். சத்துமாவை மாவு என்று விற்றால் இந்தத் தலைவலியே இல்லை.

விலைக்கு வாங்கிய பழைய கணக்கு

வேண்டாம்.

"ஐந்நூறு வெள்ளி கொடுங்க, திறந்து தர்றேன்"

திருடன்.

"உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் நீக்கப்படும்" என்று மெசெஞ்சரில் வரும் செய்தி

இவனும்தான். இணைப்பைத் தொடாதீர்கள்.

முன்கூட்டியே செய்து வைப்பது

வியாபாரத்தில் உண்மையாகவே பங்குள்ள இன்னொருவரை, கணவரோ தங்கையோ, பூட்டு விழுவதற்கு முன்பே வியாபாரக் கணக்கில் இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்து வையுங்கள். அவரும் தன் சொந்த ஃபேஸ்புக்கில், சொந்தப் பெயரில்தான் வர வேண்டும். இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போட்டுவிடுங்கள். ஒருவருடைய கைப்பேசி தொலைந்தாலோ கணக்கு திருடு போனாலோ, மற்றவர் உள்ளே இருந்து பார்த்துக்கொள்ளலாம். பூட்டு விழுந்த பிறகு அதே ஆளைச் சேர்த்து விளம்பரம் ஓட்டினால், அக்கா வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

அக்காவின் விளம்பரம் இப்போது இப்படி ஓடுகிறது: "ராகி, சோளம், பச்சைப்பயறு. வீட்டில் வறுத்து அரைத்தது. சர்க்கரை சேர்க்கவில்லை. அரை கிலோ 22 வெள்ளி, பினாங்கு முழுக்க டெலிவரி." நாளுக்கு 15 வெள்ளிதான் செலவு. சர்க்கரை சேர்க்கவில்லை என்பதைப் படித்ததும் வாங்க வேண்டியவர்கள் தாங்களே புரிந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்.

மகன் படிப்பு முடித்துப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிறான். அவனால் காசு கொடுத்து விளம்பரம் போட முடியாது. ஒவ்வொரு வண்டியையும் படம் எடுத்து, ஊர்க் குழுக்களில் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். நடுவில் ஒரு நாள், "அண்ணே, பாட்டி ஃபேஸ்புக் சும்மாதான் இருக்கு" என்று ஆரம்பித்தான். போனை வைத்துவிட்டேன்.