ஒரு ஆலையைப் பார்த்துவிட்டு டெல்டா முழுக்கப் பேசலாமா?

கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் முதுகலை ஆய்வு செய்கிறார் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவித்த நெல்லைக் காயவைக்க டிரையர் வந்த பிறகு, களத்தில் வேலை பார்த்த பெண்கள் என்ன ஆனார்கள் என்பது கேள்வி. வரைவின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘காவிரி டெல்டாவில் டிரையரின் வருகையால் பெண்கள் வேலையிழந்தனர்.’

இந்த ஆலையும் அதன் எண்களும் நான் விளக்கத்துக்காக உண்டாக்கியவை. தவறுகள் அப்படியல்ல. எல்லாவற்றையும் மாணவர்களின் வரைவுகளில் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டை நானே செய்திருக்கிறேன்.

முதல் தவறு ஆலைக்குள் நுழையும் முன்பே நடந்துவிடுகிறது. முதலாளி மாமாவுக்குத் தெரிந்தவர், அதனால் அந்த ஆலை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்தவர் இல்லாமல் எந்த ஆலையிலும் கூலி நோட்டைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். ஆனால் ஆய்வேட்டில் அதை மறைத்துவிட்டு, ‘டெல்டாவின் மாதிரி ஆலையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று எழுதுகிறோம் பாருங்கள், அங்கேதான் சறுக்குகிறது. எதற்கு மாதிரி? அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் அரவை முகவர் ஆலைக்கும், சொந்தமாக நெல் வாங்கி அரிசி விற்கும் ஆலைக்கும் ஆண்டின் போக்கே வேறு. முதல் வகைக்கு வேலை கொள்முதல் நிலையங்களை ஒட்டி ஏறி இறங்கும். புழுங்கலரிசியாகத் திருப்பித் தரவேண்டிய அளவும் நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ என்று கட்டப்பட்டிருக்கும். இரண்டாம் வகை தன் சந்தையைப் பார்த்து ஓடும்.

ஒரு நாள் செலவழித்தால் இதைச் சரிசெய்யலாம். ஒரே தாலுகாவில் இருக்கும் ஆலைகளைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் போதும்: அரசு அரவையா சொந்த வியாபாரமா, டிரையர் எந்த ஆண்டு வந்தது, களம் இன்னும் இருக்கிறதா. மூடிப்போன ஆலைகளையும் சேருங்கள். டிரையர் வாங்க முடியாமல் மூடிய ஆலையில் பெண்கள் மட்டுமல்ல, எல்லோருமே வேலையிழந்தார்கள்; ஓடுகிற ஆலைகளை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. இந்தப் பட்டியலில் மாமாவின் நண்பருடைய ஆலை எங்கே உட்காருகிறது என்று காட்டினால், தெரிந்தவர் மூலம் போனது குறையாகவே இருக்காது.

அடுத்தது எண்ணிக்கை மயக்கம். மாணவி அந்த ஆலையில் வேலை பார்த்த 40 பெண்களிடம் கேட்கிறார். 34 பேர் ‘டிரையர் வந்ததால்தான்’ என்கிறார்கள். உடனே 85 சதவீதம் என்று ஒரு அட்டவணை, கூடவே புள்ளியியல் சோதனை. நாற்பது பேரும் பார்த்தது ஒரே முதலாளியை, ஒரே டிரையரை, அது வந்து இறங்கிய ஒரே நாளை. ஆலையைப் பற்றிய கேள்விக்கு இங்கே எண்ணிக்கை ஒன்றுதான். நாற்பதை நானூறு ஆக்கினாலும் ஒன்றுதான். அந்த 85 சதவீதம், அந்த ஆலைப் பெண்கள் நடந்ததை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைச் சொல்லும். அது மதிப்புள்ள செய்தி. எது எதனால் நடந்தது என்பது வேறு கேள்வி.

அதற்குக் கூலி நோட்டைத் திறக்க வேண்டும். அதற்கு முன் வேலையைப் பற்றிக் கொஞ்சம். ஊறி, ஆவியில் வெந்து வெளியே வரும் நெல்லில் ஈரம் கிட்டத்தட்ட 35 சதவீதம் இருக்கும். அரைக்க அது 14 அளவுக்கு இறங்க வேண்டும். களத்தில் இதைச் செய்வது வெயிலும், நெல்லைப் பரப்பித் துழாவிக்கொண்டே இருக்கும் பெண்களும். ஐப்பசி கார்த்திகை மழையில் களம் படுத்துவிடும். டிரையருக்கு மழையும் இல்லை, இரவும் இல்லை. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆக, டிரையர் வந்தால் பெண்கள் குறைவார்கள் என்பது பார்த்தவுடன் நம்பக்கூடிய கதை. அதுதான் ஆபத்து.

கணக்குப்பிள்ளையிடம் பழைய நோட்டுகளை வாங்கி, ஒவ்வொரு ஆண்டும் மாசி மாதத்தில் களத்துக்கு வந்த பெண்களின் தினசரி சராசரியை எடுக்கிறார் மாணவி. மாசி ஏனென்றால், சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் நேரம். மழையால் வேலை நின்றது என்ற குழப்பமும் அதிகம் இராது. 2006இல் 36 பேர். 2007இல் 33. 2008இல் 25. 2009இல் 19. டிரையர் வாங்கிய ரசீதில் இருக்கும் தேதி 2009 ஆகஸ்ட். 2010 மாசியில் 8 பேர்.

இப்போது கதை புரண்டுவிட்டது. டிரையர் வருவதற்கு முன்பே பாதிப் பேர் போய்விட்டார்கள். நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் நாகப்பட்டினம் மாவட்டத்திலும், 2007இல் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களிலும் தொடங்கியது. ஆள் கிடைக்காததால் முதலாளி டிரையர் வாங்கினாரா? அப்படியென்றால் மாணவி எழுதிய காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. ஆனால் இதற்கும் அவசரப்படக் கூடாது. அதே ஆண்டுகளில் ஆலைக்கு வந்த நெல்லே குறைந்திருந்தால், ஆளும் குறையத்தானே செய்யும்? எத்தனை மூட்டை அரைத்தார்கள் என்ற கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டை அப்படியே இருந்து ஆள் மட்டும் குறைந்தால், கூலி ஏறியதா என்று பார்க்க வேண்டும். ஆள் தட்டுப்பாடு என்றால் மீதிப் பெண்களின் கூலி ஏறியிருக்கும். முதலாளியே ஆளைக் குறைத்திருந்தால் ஏறியிருக்காது. இப்படி ஒவ்வொரு விளக்கமும் நோட்டில் எந்தத் தடயத்தை விட்டிருக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு தேடுவதுதான் ஒற்றை ஆலை ஆய்வின் பலம். நாற்பது பேரின் சதவீதத்தால் இதைச் செய்ய முடியாது.

சரி, இங்கே மூட்டை குறையவில்லை, கூலி ஏறியது என்றே வைத்துக்கொள்வோம். இனி டெல்டா என்று எழுதலாமா? ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். அது சரிதான், ஒரே அடுப்பு, ஒரே உலை. டெல்டா ஒரு பானை இல்லை. காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டா வேறு. மேட்டூர்த் திட்டத்தோடு 1934இல் தண்ணீர் வந்த கல்லணைக் கால்வாய்ப் பகுதியான ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வேறு. தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் வேதாரண்யம் பக்கம் வேறு. வேலை, கூலி, ஆள் கிடைப்பது எல்லாமே இதோடு மாறும். 1950களின் தொடக்கத்தில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப் ஒரு ஊரோடு நிற்கவில்லை. வடமேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று என இரண்டை எடுத்தார்.

இரண்டாவது ஆலைக்கு நேரமிருந்தால், நம் விளக்கம் தோற்க அதிக வாய்ப்புள்ள இடத்துக்குப் போக வேண்டும். பெண்களுக்கு வேறு வேலை அவ்வளவாக இல்லாத கடைமடை ஊர் ஒன்று. அங்கேயும் டிரையருக்கு முன்பே ஆள் குறைந்து கூலி ஏறியிருந்தால் விளக்கம் வலுக்கிறது. டிரையருக்குப் பிறகுதான் குறைந்தார்கள் என்றால், நம் விளக்கம் எந்த எல்லையோடு நிற்கிறது என்று தெரிந்துவிடும். பலரும் இதற்கு நேர்மாறாக, முதல் ஆலையைப் போலவே இன்னொன்றைத் தேடிப் போய்ச் சந்தோஷப்பட்டுத் திரும்புகிறார்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். ஆலையின் பெயரை மறைத்துவிட்டு, ‘கும்பகோணத்திலிருந்து இத்தனை கிலோமீட்டரில், ஆற்றங்கரையில் உள்ள ஒரே ஆலை’ என்று எழுதினால் மறைத்ததில் அர்த்தமில்லை. ஊரில் டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

ஒற்றை ஆலை சத்தமாகச் சொல்லக்கூடிய ஒன்றும் உண்டு. ‘டிரையர் வந்த பிறகுதான் களத்துப் பெண்கள் குறைந்தார்கள், எங்கேயும் அப்படித்தான்’ என்று யாராவது சொன்னால், அதை உடைக்க இந்த ஒரு நோட்டு போதும். எத்தனை ஆலைகளில் அப்படி நடந்தது என்பதைத்தான் அதனால் சொல்ல முடியாது.

மாணவியின் கடைசி வரி திருத்திய பிறகு இப்படி நிற்கிறது: ‘பழைய டெல்டாவில் அரசு அரவையை நம்பி ஓடிய இந்த ஆலையில், டிரையர் வருவதற்கு முன்பே களத்துப் பெண்கள் குறையத் தொடங்கினர், கூலி ஏறியது. வேறு வேலை கிடைத்த ஊர்களின் ஆலைகளிலும் இதே வரிசை இருக்கலாம். கடைமடையில் இருக்குமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.’ வாய்மொழித் தேர்வில் ‘டெல்டாவில் எத்தனை ஆலைகளுக்கு இது பொருந்தும்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு அவர் முதலில் போட்ட தாலுகா பட்டியலை எடுத்து நீட்டி, தன் ஆலையைப் போன்றவை எவை என்று விரல் வைத்துக் காட்டலாம்.