கொடையா கோடையா? குறுக்கெழுத்துல குறில் நெடில் குழப்பத்த தீர்க்குறது எப்படி

குறுக்கெழுத்து போட ஆரம்பிச்ச புதுசுல நெறைய பேர் நிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. விடை கிட்டத்தட்ட தெரிஞ்சிருக்கும், கட்டமும் சரியா பொருந்தும், ஆனா அது கொடியா கோடியா, குடையா கூடையான்னு ஒரு கொம்புலயும் ஒரு சுழியிலயும் வந்து மாட்டிக்கும். எங்க அம்மா வாரப்பத்திரிகைல வர்ற கட்டத்த பென்சில்ல போடுவாங்க, அவங்க பக்கத்துல உக்காந்து பாத்து பாத்து நான் கத்துக்கிட்டதும் அப்புறம் நானே போட்டுப் போட்டு பழகினதும்தான் இங்க எழுதுறேன். ஒரு சின்ன கட்டத்த கடைசிவரைக்கும் சேந்து போடுவோம், அதுலயே எல்லாம் வந்துரும்.

இதான் கட்டம். எண் போட்டது ஆரம்பக் கட்டம், வெறும் வட்டம் நீங்க நிரப்ப வேண்டியது.

```
■ | 1 | ○
■ | ○ | ■
2 | ○ | ■
○ | ■ | ■
○ | ■ | ■
○ | ■ | ■
```

குறிப்புகள்:

குறுக்கே 1: தெற்குச் சீமையில் சித்திரை வந்தால் அம்மன் கோயிலில் நடப்பது (2)
குறுக்கே 2: சந்தைக்குப் போகும்போது கையில் எடுப்பது (2)
கீழே 1: பலாவில் பல, மாவில் ஒன்று (3)
கீழே 2: மல்லிகை குடியேறும் இடம் (4)

முதல்ல எழுத்த எண்ணக் கத்துக்கணும்

கொடைன்னு எழுதினா கண்ணுக்கு அஞ்சு உருவம் தெரியும், கொம்பு, க, கால், அப்புறம் டை-க்கு ஒரு கொம்பும் ட-வும். ஆனா கட்டம் ரெண்டுதான், ஏன்னா கொ ஒரு எழுத்து, டை ஒரு எழுத்து. புள்ளி வச்ச எழுத்துக்கு மட்டும் தனிக் கட்டம் குடுக்கணும், அதனால கொட்டை மூணு, கூந்தல் நாலு. இதுல இன்னொரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, குறில் நெடிலா மாறினாலும் எழுத்து எண்ணிக்கை மாறவே மாறாது. கொடையும் ரெண்டு, கோடையும் ரெண்டு. அடைப்புக்குறிக்குள்ள இருக்குற எண் இந்தக் குழப்பத்துல நமக்கு ஒரு உதவியும் பண்ணாது, மத்த வழியிலதான் போகணும்.

ரெண்டாவது, ஜோடிய ஓரத்துல எழுதுங்க

ஒரு விடை தோணின உடனே அத கட்டத்துல எழுதாதீங்க. மொதல் எழுத்த குட்டையாவும் நீட்டியும் ரெண்டு தடவ வாய்விட்டு சொல்லிப் பாருங்க. அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ, இந்த அஞ்சுதான் ஜோடி. படம் பாடம், நிதி நீதி, குடை கூடை, பெட்டி பேட்டி, கொடி கோடி. ரெண்டுக்கும் அர்த்தம் இருந்தா அந்தக் கட்டம் சந்தேகக் கட்டம், ஒண்ணுக்கு மட்டும் அர்த்தம் இருந்தா கவலையே இல்ல. பெரும்பாலும் மொதல் எழுத்துலதான் இந்த மாற்றம் வரும், அதனால அத மட்டும் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சிரும்.

நம்ம கட்டத்துல பாருங்க. குறுக்கே 1-க்கு கொடை, கோடை ரெண்டும் இருக்கு. கீழே 1-க்கு கொட்டை, கோட்டை. குறுக்கே 2-க்கு குடை, கூடை. கீழே 2-க்கு கூந்தல் மட்டும்தான், குந்தல்னு ஒரு சொல் நம்ம புழக்கத்துல இல்ல. அத ஒரு வட்டம் போட்டு வச்சுக்கோங்க, பின்னாடி அதுதான் கை குடுக்கப் போகுது.

மூணாவது, பாதி எழுத்து மட்டும் எழுதுங்க

சந்தேகக் கட்டத்துல முழு எழுத்த போடாம, ரெண்டுக்கும் பொதுவா இருக்குறத மட்டும் போடுங்க. கொ, கோ ரெண்டுலயும் க-வும் காலும் பொது, கொம்புதான் வேற, ஒண்ணுக்கு ஒற்றைக்கொம்பு இன்னொண்ணுக்கு இரட்டைக்கொம்பு. அதனால கொம்புக்கு எடம் விட்டு கா-ன்னு எழுதி வைங்க, சின்னதா ஒரு கேள்விக்குறியும் போட்டுருங்க, இல்லன்னா நாளைக்கு பாக்கும்போது அது நிஜமாவே கா-ன்னு நெனச்சுருவீங்க. ப, பா மாதிரி வந்தா ப-வ எழுதி வலது பக்கம் எடம் விடுங்க. கு, கூ-வுக்கு வெறும் க போதும். முழுசா கோ-ன்னு எழுதிட்டா கண்ணு அதையே நம்பிரும், அப்புறம் அதுல இருந்து கீழ போற சொல்லும் தப்பாவே தோணும், நாலு சொல் தள்ளிப் போய்தான் எங்கயோ இடிக்குதுன்னு தெரியும், அதுக்குள்ள எத அழிக்குறதுன்னே புரியாது.

நம்ம முன்னோர் ஓலைச்சுவடி படிச்சதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஓலையில பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க, அதனால எ-வும் ஏ-வும், கொ-வும் கோ-வும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும், காலும் ர-வும் கூட பல சுவடியில ஒரே மாதிரி இருக்கும். வரியோட பொருள வச்சுத்தான் இது குறில் இது நெடில்னு முடிவு பண்ணுவாங்க. நெடிலுக்குன்னு தனியா நாம போடுற இரட்டைக்கொம்பு, 18-ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவர் செஞ்ச எழுத்துச் சீர்திருத்தம்னு சொல்லுவாங்க.

நாலாவது, குறிப்போட வினைய பாருங்க

எனக்கு எப்பவும் ரொம்ப உதவுறது இதுதான். குறிப்பு எந்தச் சொல்லுல முடியுதுன்னு பாருங்க, அது வினையா பெயரான்னு பாருங்க.

தமிழ்ல சில ஜோடிங்க அம்மா பிள்ளை மாதிரி. விடு, வீடு. சுடு, சூடு. கெடு, கேடு. பெறு, பேறு. குறில் இருந்தா அது ஏவல், ஒருத்தர செய்யச் சொல்றது, அதே சொல்லோட மொதல் எழுத்து நீண்டா அந்தச் செயலோட பேரா மாறிடும். ஸ்கூல்ல முதனிலை திரிந்த தொழிற்பெயர்னு படிச்சிருப்பீங்க, அதான் இது. அதனால குறிப்பு "அடைந்துகொள்"னு முடிஞ்சா பெறு, "பாக்கியம்"னு இருந்தா பேறு. பொருள் தொடர்பே இல்லாத ஜோடிகள்ல கூட இந்தப் போக்கு நெறைய இருக்கு, தொடு வினை, தோடு காதுல போடுறது, எடு வினை, ஏடு ஓலை. ஆனா இத கண்ண மூடிட்டு நம்பக் கூடாது, ஓடு, ஆடு, பாடு எல்லாம் நெடிலா இருந்தும் வினையாவும் வரும், பெயராவும் வரும். நடுன்னா நாத்து நடுறதும் நடு, நடுவுல இருக்குறதும் நடு.

ரெண்டுமே பெயரா இருந்தா அது கூட எந்த வினை சேரும்னு பாருங்க. குறுக்கே 1-ல "நடப்பது"ன்னு இருக்கு. கோடை வரும், கோடை வாட்டும், ஆனா கோடை நடக்குதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் அம்மன் கோயில் திருவிழாவ கொடைன்னுதான் சொல்லுவாங்க, அது நடக்கும். சித்திரைங்கிற சொல்லு நம்மள கோடை பக்கம் இழுக்குறதுக்காகவே வச்சது. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு உடனே தெரியும், மத்தவங்க "நடப்பது"ங்கிற ஒரு சொல்ல பிடிச்சுக்கிட்டா போதும். இருந்தாலும் இன்னும் கொம்பு போட வேண்டாம், பக்கத்து சொல்லையும் பாத்துருவோம்.

அஞ்சாவது, உதவுற சந்திப்பு எது உதவாத சந்திப்பு எது

எல்லாரும் "வெட்டிப் போற சொல்ல பாரு"ன்னு சொல்லிக் குடுப்பாங்க, ஆனா வெட்டிப் போற சொல்லுக்கே ஒரு ஜோடி இருந்தா என்ன பண்றதுன்னு சொல்ல மாட்டாங்க. நம்ம 1-ஆம் கட்டம் அப்படித்தான். குறுக்க கொடை/கோடை, கீழ கொட்டை/கோட்டை. கொடையும் கொட்டையும் சேரும், கோடையும் கோட்டையும் சேரும், ரெண்டுமே கட்டத்துல ஒழுங்கா உக்காந்துரும். வெறும் சந்திப்ப மட்டும் நம்பினா இங்க முடிவு கிடைக்காது, ரெண்டுல ஒரு சொல்லையாவது குறிப்ப வச்சு உறுதி பண்ணியே ஆகணும். "பலாவில் பல, மாவில் ஒன்று", பலாப்பழத்துல சுளைக்கு ஒண்ணு, மாம்பழத்துக்கு மொத்தமே ஒண்ணு, அது கொட்டைதான், கோட்டைக்கு அங்க வேலையே இல்ல. இப்போ தைரியமா ஒற்றைக்கொம்ப போடுங்க, கொடையும் அதோட சேந்து உறுதியாயிரும்.

அடுத்து 2-ஆம் கட்டம். சந்தைக்குப் போகும்போது கையில எடுக்குறது குடையா கூடையா? மழை நாள்னா குடை, காய் வாங்கன்னா கூடை, குறிப்புல ரெண்டுக்கும் எடம் இருக்கு, இத எவ்வளவு நேரம் யோசிச்சாலும் தீராது. ஆனா அதே கட்டத்துல இருந்து கீழ எறங்குறது கூந்தல், மல்லிகை குடியேறுற எடம், நாம வட்டம் போட்டு வச்ச ஜோடி இல்லாத சொல். அதனால அந்தக் கட்டம் கூ, விடை கூடை. ஜோடி இல்லாத சொல்ல மொதல்ல கண்டுபிடிச்சு வட்டம் போடச் சொன்னது இதுக்குத்தான்.

சில சமயம் சந்தேகக் கட்டத்துல எந்தச் சொல்லும் வெட்டாது, குறிப்பும் ரெண்டுக்கும் ஒத்துப் போகும். அப்போ தப்பு உங்க மேல இல்ல, கட்டம் போட்டவர் சரியா பாக்கல. ரெண்டையும் ஓரத்துல எழுதி வச்சுட்டு அடுத்த சொல்லுக்குப் போங்க.

கோடிட்ட இடம் வந்தா உருபு சேத்துப் பாருங்க

சில புதிர்ல வாக்கியமே குடுத்து நடுவுல கோடு விட்டிருப்பாங்க. "ஊர் ___வில் ஆலமரம்"னு இருந்தா அது நடு, "ஊர்" இருக்குறதால நாடுன்னு தோணும் ஆனா நாடா இருந்தா நாட்டில்னுதான் வரும். டு, று-ல முடியுற ரெண்டெழுத்துச் சொல்லுங்க இப்படித்தான், குறிலுக்குப் பின்னாடி வ் வரும், நெடிலுக்குப் பின்னாடி ட் இல்லன்னா ற் இரட்டிக்கும். ஒரே ஒரு எடத்துல கவனமா இருங்க, ஆறுங்கிற நதி ஆற்றில்னு ஆகும், ஆறுங்கிற எண் ஆறில்னே நிக்கும்.

ரெண்டு பொருள் குறிப்பு

பழகுறதுக்கு இத போட்டுப் பாருங்க: "கட்சிக்காரர் கையிலும் இருக்கும், பந்தலிலும் படரும் (2)". எந்தச் சொல்லும் வெட்டாட்டியும் இது நிச்சயமா தீரும், ஏன்னா குறிப்போட ரெண்டு பாதிக்கும் ஒரே சொல் பொருந்தணும். கொடி. இப்போ அதோட ஜோடி: "நூறு லட்சம், புதுத்துணியும் கூட (2)". இது கோடி. தெருவோட கடைசிக்கும் இதே பேருதான், அதனால "தெருவின் முடிவில் நிற்பது"ன்னு வேற ஒரு கட்டத்துல வந்தாலும் இரட்டைக்கொம்பையே போடுங்க.