ஈரத் தரையில் காணாமல் போன குரவுட் கோடு

மதுரை டைல்ஸ் கடை ஒன்றுக்கு பிளெண்டர் 3டி மென்பொருளில் குளியலறைப் படம். 300 மி.மீ. தரை டைல், 3 மி.மீ. ஸ்பேசர். காய்ந்த தரையில், டைல் இடைவெளியை நிரப்பும் குரவுட்டின் கோடு தெளிவு. ஈரமாக்கியதும் ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கம் மட்டும் கோடே இல்லை.

ரெண்டர் சாம்பிள் எண்ணிக்கையைக் கூட்டியது பலிக்கவில்லை. குரவுட் நிறத்தைக் கறுப்பாக்கினாலும் பிரதிபலிப்பு மூடிவிட்டது. கோட்டை 5 மி.மீ. ஆக்கினால் தெரிந்தது; ஆனால் கடைக்காரர் விற்கும் ஸ்பேசர் 3 மி.மீ., அது பொய்ப் படம்.

காரணம், ஈரத்துக்காக, மேற்பரப்பின் சொரசொரப்பான `Roughness`-ஐ டைலுக்கும் குரவுட்டுக்கும் சேர்த்து 0.05 ஆக்கியது. சிமென்ட் குரவுட் தண்ணீரை உறிஞ்சும்; நனைந்தால் கறுக்குமே தவிர டைல் போல மின்னாது. குரவுட் மாஸ்க்கைத் தனியே எடுத்து, அங்கே `Roughness` 0.7, நிறம் 0.6 மடங்கு என்று வைத்தேன். டைலுக்கு 0.1. உடனே ஜன்னலின் பிரதிபலிப்பு கோடு கோடாக அறுபட்டு, இணைப்பு 3 மி.மீ. அளவிலேயே தெரிந்தது.

தண்ணீர் தேங்கும் ட்ராப் ஓரத்தில் மட்டும், மேலே நிற்கும் தண்ணீர்ப் படலத்துக்காக `Coat Weight` 1, `Coat IOR` 1.33. அங்கே தண்ணீர் குரவுட்டின் மேலும் மட்டமாக நிற்கும், அதனால் கோடு மங்குவதே சரி. ஜன்னலுக்கு வெளியே பெரிய ஏரியா லைட் போதும். சூரிய விளக்கை அணைத்துவிட்டேன்.

எபாக்ஸி குரவுட் என்றால் இந்தக் கறுப்பு வேண்டாம். அது தண்ணீர் குடிக்காது.